‘கவனமாக இருக்கவும்’ என்று எழுதாதீர்கள்

குறை அறிக்கை எழுதப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நம் நோணாங்குப்பத்துச் சுண்ணாம்பாற்றில் ஓடுவதுபோன்ற ஒரு சுற்றுலாப் படகை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். சிலர் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறிவிட்டார்கள். இது கற்பனைதான், ஆனால் எந்தப் படகுத்துறையிலும் நடக்கக்கூடியது.

1. குறையை எண்ணி எழுதுங்கள். ‘சிலர் அணியவில்லை’ என்றால் நாளைக்கு எதோடு ஒப்பிடுவது? ‘11 மணிப் படகில் 20 பேரில் 6 பேர் அணியவில்லை’ என்று எழுதுங்கள்.

2. ஓடிப்போய் ஆறு ஜாக்கெட் கொண்டுவந்து மாட்டியது அன்றைய அவசரத்துக்குச் செய்தது. அதைத் திருத்த நடவடிக்கை என்று எழுதிவிடாதீர்கள். ஏன் குறைந்தது என்று கேளுங்கள். முந்தைய படகு இன்னும் திரும்பவில்லை, ஜாக்கெட்டெல்லாம் அதில் இருக்கின்றன. டிக்கெட் கொடுப்பவரோ இருக்கையை எண்ணிக் கொடுக்கிறார், கரையில் எத்தனை ஜாக்கெட் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. காரணம் அங்கேதான். ஆகவே நடவடிக்கை இப்படி வரும்: ‘கரையிலுள்ள நல்ல ஜாக்கெட் எத்தனையோ அத்தனை ஏறு டோக்கன் மட்டும் கொடுக்கப்படும்.’

3. ‘நிர்வாகம் கவனிக்கும்’ என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒரு பதவி, அவர் விடுப்பில் போனால் யார், எந்தத் தேதிக்குள், மூன்றையும் எழுதுங்கள். அந்த ஆளுக்கு அதிகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கயிறு பிடிக்கும் பையனை நியமித்தால் அவனால் படகை நிறுத்தவும் முடியாது, ஜாக்கெட் வாங்கவும் முடியாது. டோக்கனுக்குத் துறைப் பொறுப்பாளர், புது ஜாக்கெட்டுக்கு மேலாளர் என்று பிரித்துக் கொடுங்கள்.

4. ‘ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது’ என்பது வேலை முடிந்த கணக்கு. குறை போனதா என்பது வேறு கணக்கு. அடுத்த எட்டு வாரம், சனி ஞாயிறுகளில், முன்னறிவிப்பின்றி நான்கு படகுகளை, டோக்கன் வேலையில் இல்லாத ஒருவர் எண்ணட்டும். ஒருவர் ஜாக்கெட் இல்லாமல் இருந்தாலும் அறிக்கையை மீண்டும் திறக்க வேண்டும். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை பூஜ்யம் வந்தால் அதை நம்பாதீர்கள், காணும் பொங்கலன்று எண்ணுங்கள்.

5. தடுப்பு நடவடிக்கை இன்னும் நடக்காத விபத்துக்கானது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்தது. இதைப் படித்துவிட்டு ‘பயணிகள் ஒரு பக்கம் கூட வேண்டாம் என அறிவிக்கவும்’ என்று எழுதுவீர்கள். காட்டு யானை தெரிந்தால் எந்த அறிவிப்பும் காதில் விழாது. ‘எல்லோரும் ஒரே பக்கம் நின்றாலும் படகு சாயாது என்று கப்பல் வடிவமைப்பாளர் எடை வைத்துச் சோதித்துச் சான்று தர வேண்டும். மேல்தளத்தையோ இருக்கைகளையோ மாற்றினால் மறுசோதனை முடியும்வரை படகு ஓடாது. பொறுப்பு: மேலாளர்’ என்று எழுதுங்கள். சான்றின் தேதி படகிலேயே ஒட்டப்பட்டிருந்தால், ஏறப்போகிறவரும் அதைப் பார்த்துக் கேட்க முடியும்.