பெட்டி நீண்டால் கூட்டம் கூடாது

ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும், ஏன், புள்ளியியல் படித்தவர்கள் வாயிலும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது: "பெட்டி இந்தப் பக்கம் நீளமா இருக்கு பாருங்க, நிறையப் பசங்க இங்கதான் இருக்காங்க." இல்லவே இல்லை. பெட்டி வரைபடத்தில் நீளத்தை வைத்துத் தலை எண்ணக் கூடாது. பட்டை வரைபடத்தில் உயரம்தான் எண்ணிக்கை என்று ஏழாம் வகுப்பிலேயே பழகிய கண், இங்கேயும் அதே வேலையைச் செய்கிறது. கண் பழகியதால் படம் மாறிவிடாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 'அ' பிரிவில் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்களை ஏறுவரிசையில் எழுதினால் 22, 35, 41, 48, 52, 55, 57, 58, 63, 68, 74, 80, 84, 89, 95. நடுவில் நிற்கும் எட்டாவது ஆளின் 58 இடைநிலை அளவு. அவருக்குக் கீழே உள்ள ஏழு பேரின் நடு ஆள் பெற்ற 48 முதல் கால்மானம். மேலே உள்ள ஏழு பேரின் நடு ஆள் பெற்ற 80 மூன்றாம் கால்மானம். பெட்டி 48-இல் தொடங்கி 80-இல் முடியும், 58-இல் குறுக்குக் கோடு விழும்.

இப்போது பெட்டியைப் பாருங்கள். கோட்டுக்குக் கீழ்ப் பகுதியின் நீளம் 10, மேல் பகுதியின் நீளம் 22. இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியானால் மேலே இரண்டு மடங்கு மாணவர்களா? எண்ணுங்கள். கீழே 52, 55, 57: மூன்று பேர். மேலே 63, 68, 74: அங்கும் மூன்று பேர்தான். ஒரே அளவு ஆட்கள் பஸ் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தாலும் காலை நீட்டி உட்கார்ந்தாலும் ஆள் கணக்கு ஒன்றுதானே! நீண்ட பகுதி சொல்வது, அங்கே மதிப்பெண்கள் சிதறிக் கிடக்கின்றன என்பதை மட்டுமே. நெரிசலைத் தேடுகிறவர் குட்டையான பகுதியைத்தான் பார்க்க வேண்டும். பலர் ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தால் இந்தச் சமபங்கு கொஞ்சம் பிசகும். அதற்காக நீளம் எண்ணிக்கையாகிவிடாது.

இந்தத் தவறு எங்கே கடிக்கிறது என்றால், இரண்டு பிரிவுகளை ஒப்பிடும்போது. 'ஆ' பிரிவிலும் 15 பேர்: 40, 47, 51, 55, 57, 59, 60, 62, 63, 64, 66, 67, 70, 73, 78. பெட்டி 55 முதல் 67 வரை, வெறும் 12 நீளம். 'அ' பெட்டியோ 32. "பெரிய பெட்டி, பெரிய வகுப்பு" என்பார் ஒருவர், "பெரிய பெட்டி, கெட்டிக்கார வகுப்பு" என்பார் இன்னொருவர். இரண்டும் உளறல். இடைநிலை அளவில் 'ஆ' பிரிவு 62 பெற்று முந்துகிறது. ஆனால் 80-க்கு மேல் வாங்கிய மூவரும் 'அ' பிரிவில்தான். 35-ஐத் தொடாத ஒரே ஆளும் அங்கேதான். 'ஆ' பிரிவுக்கு ஒரே வேகத்தில் பாடம் நடத்திவிடலாம். 'அ' பிரிவில் அப்படி நடத்தினால் ஒரு முனை கொட்டாவி விடும், மறுமுனை தடுமாறும்.

நடுக்கோடு சராசரி என்ற நம்பிக்கையும் உண்டு. 'அ' பிரிவின் சராசரி 61.4, 'ஆ' பிரிவின் சராசரி 60.8. கோடுகளில் பின்தங்கிய பிரிவு சராசரியில் முந்திவிட்டதே, போதாதா?

தனியே விழும் புள்ளி தட்டச்சுப் பிழை, அழித்துவிடலாம் என்பவர்கள் கையிலிருந்து தாளைப் பிடுங்க வேண்டும். ஜான் டூக்கி வகுத்த வழக்கப்படி, பெட்டியின் விளிம்பிலிருந்து அதன் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு அப்பால் விழுவது மட்டுமே புள்ளியாகும். 22 மதிப்பெண் 'அ' பிரிவில் மீசைக்குள் அடங்குகிறது. அதே 22 பெற்ற ஒரு பையன் 'ஆ' பிரிவில் சேர்ந்தால் புள்ளியாகிவிடுவான். பையன் அதே பையன்தான். பிழையா என்று விடைத்தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், படத்தைப் பார்த்து அல்ல.

கணினி வேறு விடை தருகிறது என்று பதறவும் வேண்டாம். எக்செலில் QUARTILE.EXC போட்டால் 'அ' பிரிவுக்கு 48, 80 வரும், QUARTILE.INC போட்டால் 50, 77 வரும். இரண்டும் ஏற்கப்பட்ட முறைகள். இரு பிரிவுக்கும் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டால் சரி.

என் பழைய புலம்பலையும் சொல்லிவிடுகிறேன். 15 பேருக்குப் பெட்டி மட்டும் வரைவது சோம்பேறித்தனம். வகுப்பு இரண்டு கூட்டமாகப் பிளந்து நடுவில் ஆளே இல்லாமல் கிடந்தாலும் பெட்டி அதைச் சொல்லாது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் ஒரு புள்ளியாக வையுங்கள். கீழே எத்தனை பேர் என்று எழுதுங்கள். 15 புள்ளி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.