வெயிலில் பசி எங்கே போகிறது?

கிழக்கில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பல வீடுகளில் ஒரே காட்சிதான். பகல் ஒரு மணிக்குச் சோறும் கறியும் மேசையில் ஆறிக்கொண்டிருக்கும். பிள்ளைகளோ குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தபடி நிற்பார்கள். "சோற்றைத் தொடாமல் சோடாவைக் குடிக்கிறாயே" என்று உம்மாமார் கடிந்துகொள்வார்கள். பிள்ளையின் பசி குறைந்ததற்கு உடலுக்குள்ளே ஒரு காரணம் இருக்கிறது.

நமது உடலின் உள் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். உடலில் உண்டாகும் வெப்பத்தின் பெரும்பகுதி தோலின் வழியாகச் சுற்றியுள்ள காற்றுக்குப் போய்விடுகிறது. காற்றின் வெப்பநிலை 35 பாகையை நெருங்கும்போது தோலும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. எஞ்சியிருப்பது வியர்வை மட்டுமே. வியர்வையும் ஆவியாகிப் போனால்தான் உடல் குளிரும். வழிந்து சொட்டினால் பயனில்லை.

இந்த நேரத்தில் உண்ணும் உணவு உடலுக்கு மேலும் வெப்பத்தைச் சேர்க்கிறது. சமிபாடடையச் செய்வதற்கும், உறிஞ்சுவதற்கும், சேமிப்பதற்கும் சக்தி செலவாகிறது; அச்செலவு வெப்பமாக வெளிப்படுகிறது. புரதத்தில் உள்ள சக்தியில் 20 முதல் 30 சதவீதமும், மாப்பொருளில் 5 முதல் 10 சதவீதமும் இவ்வாறு செலவாகும். கொழுப்பில் இது மிகக் குறைவு. கலந்த உணவுக்குச் சராசரியாக 10 சதவீதம் என்று கொள்ளலாம்.

சோறு, மீன்கறி, பருப்பு கொண்ட ஒரு மதிய உணவில் 600 கிலோ கலோரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதனால் சில மணி நேரத்தில் 60 கிலோ கலோரி வெப்பம் கூடுதலாக உண்டாகும். 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 0.58 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. எனவே அந்த ஒரு வேளை உணவின் சூட்டை வெளியேற்ற மட்டும் 100 கிராம் வியர்வை, அதாவது சுமார் அரைக் கோப்பை நீர் தேவை.

இரத்த ஓட்டமும் மாறுகிறது. வெயிலில் வெப்பத்தை வெளியேற்றுவதற்காகத் தோலுக்கு அதிக இரத்தம் பாய்கிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் செல்லும் பங்கு குறைகிறது. உடலின் வெப்பநிலையையும் பசியையும் தாகத்தையும் கவனிப்பது மூளையின் ஒரே பகுதியான ஐப்போதலமசு. சூடு ஏறும்போது அது பசியைத் தணித்துத் தாகத்தை முன்னே நிறுத்துகிறது.

இனிக் குளிர்பானத்துக்கு வருவோம். அதை மெல்ல வேண்டியதில்லை. இரைப்பையிலிருந்தும் விரைவில் இறங்கிவிடும். வாயிலும் தொண்டையிலும் குளிரை உணரும் நரம்பு முனைகள் உண்டு. குடித்த நீர் இரத்தத்தில் சேர்வதற்கு முன்னரே அவை மூளைக்குச் செய்தி அனுப்பித் தாகத்தை அடக்குகின்றன. அதனால்தான் முதல் மிடறிலேயே அவ்வளவு சுகம்.

ஆனால் அந்தச் சுகத்தின் அளவுக்கு உடல் குளிர்வதில்லை. 7 பாகையில் உள்ள 250 மில்லிலீற்றர் பானம் 37 பாகைக்குச் சூடாக, உடலிலிருந்து 7.5 கிலோ கலோரி வெப்பத்தையே எடுத்துக்கொள்கிறது. அப்பானத்தில் 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி இருந்தால் மொத்தம் 25 கிராம் சீனி, அதாவது 100 கிலோ கலோரி உள்ளே போகிறது. அச்சீனியைக் கையாள்வதில் உண்டாகும் வெப்பமே 5 முதல் 10 கிலோ கலோரி. குளிர் கொடுத்ததைச் சீனி பறித்துவிடுகிறது! அதோடு அந்தச் சீனி சற்றுக் கழித்து வரவிருந்த பசியையும் மழுங்கடிக்கும். புரதமோ உப்போ அதிலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை.

நமது நாட்டில் விற்கப்படும் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டம் உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. மேலே கணக்கிட்ட பானம் சிவப்பல்ல, செம்மஞ்சள்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே நண்பகலில் தட்டு நிறைய உண்ணும்படி பிள்ளையை வற்புறுத்த வேண்டியதில்லை. பெரிய உணவைக் காலைக்கும், வெயில் தாழ்ந்த பின்னரான இரவுக்கும் நகர்த்துங்கள். மீன், முட்டை, இறைச்சி போன்றவை இரவில் இருக்கட்டும். பகலில் உப்பிட்ட மோர், கஞ்சி, தயிரோடு கொஞ்சம் சோறு, வெள்ளரிக்காய், தர்ப்பூசணி என்பன போதும். தாகத்துக்கு நீரே முதலிடம் பெறட்டும்.

வெயிலால் குறைந்த பசி, மாலை குளிர்ந்ததும் திரும்பி வரும். குளிர்ந்த இரவுகளிலும் பசி வராமல் நாட்கள் கடந்தாலோ, உடல் மெலிந்தாலோ காரணம் வேறு. வைத்தியரிடம் காட்ட வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளாகிக் குறைவாகப் போவது நீர் போதவில்லை என்பதன் அடையாளம். தலைவலி, வாந்தி, தலைச்சுற்று ஏற்பட்டால் பிள்ளையை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நனைத்து விசிறி, சிறிது சிறிதாக நீர் கொடுக்க வேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல், உடலைக் குளிர்வித்தபடியே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.