கோட்டைப்பட்டினத்தில் இன்னொரு தண்ணீர் கம்பெனியா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடையே இருக்கிறது கோட்டைப்பட்டினம். விசைப்படகுத் துறைமுகமும், கடைத்தெருவும், கல்யாண மண்டபங்களும் உள்ள ஊரில் 20 லிட்டர் கேனுக்கு ஆள் எப்போதும் உண்டு. இங்கே சொந்தமாக ஒரு ஆர்.ஓ. பிளான்ட் போடலாமா என்று கேட்பவர்களிடம் சில நம்பிக்கைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைப் பரிசோதிக்க 1979இல் மைக்கேல் போர்ட்டர் என்ற ஹார்வர்டு பேராசிரியர் எழுதிய கட்டுரை இன்றும் உதவுகிறது. ஒரு தொழிலில் கிடைக்கும் லாபத்தில் ஐந்து தரப்பினர் பங்கு கேட்கிறார்கள் என்றார் அவர். இப்போதுள்ள போட்டியாளர்கள், புதிதாக நுழைபவர்கள், மாற்றுப் பொருள்கள், வாங்குபவர்கள், நமக்கே சரக்கு தருபவர்கள் ஆகியோரே அந்த ஐவர்.

நம்பிக்கை: "பத்துப் பேர் நடத்துகிறார்கள் என்றால் பதினோராவது ஆளுக்கும் இடம் இருக்கும்."

கேன் ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் தேவை வேறு, லாபம் வேறு. ஆர்.ஓ. இயந்திரத்தை யார் வேண்டுமானாலும் ஆர்டர் கொடுத்து வாங்கலாம். பொருத்தித் தருபவரே ஓட்டவும் கற்றுக்கொடுத்துவிடுவார். உங்களால் சுலபமாக நுழைய முடிகிறது என்றால், நீங்கள் நாலு காசு பார்க்கத் தொடங்கியதும் பன்னிரண்டாவது ஆளும் அதே சுலபத்தில் நுழைவார்.

உரிமம் ஒரு தடுப்புச் சுவர் என்பார்கள். அந்தச் சுவர் அடிக்கடி இடம் மாறுகிறது. குடிநீர் கேனுக்குக் கட்டாயமாக இருந்த ஐ.எஸ்.ஐ. சான்றை 2024 அக்டோபரில் விலக்கினார்கள். அடுத்த மாதமே அந்தக் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டு ஆய்வையும் வெளித் தணிக்கையையும் கொண்டுவந்தார்கள். நிலத்தடி நீர் எடுக்க அனுமதி இல்லாத ஆலைகளுக்கு 2020இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் நூற்றுக்கணக்கில் சீல் வைக்கப்பட்டது. உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அனுமதி இல்லாதவரை அரசு தடுக்கும், அதனால் நமக்குப் பாதுகாப்பு என்று நினைத்து முதலீடு செய்யக் கூடாது. அந்தச் சீல் முதலில் எந்த வாசலில் விழும் என்பது யாருக்கும் தெரியாது.

நம்பிக்கை: "தண்ணீர் நம் போரில் இருக்கிறது, அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்."

கடற்கரை ஊரில் மிகவும் விலை உயர்ந்த தவறு இதுதான். சரக்கு தருபவர் என்றதும் மெம்பரேன் விற்பவரும் கேன் விற்பவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் பலர், ஒருவர் விலை ஏற்றினால் இன்னொருவரிடம் போகலாம். நிலத்தடி நீர் அப்படியல்ல. அது ஒரே சப்ளையர், பேரமும் பேசாது.

கடலோர மணலில் மழைநீர் ஊறி, கனமான உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இரண்டு ஐரோப்பியப் பொறியாளர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி இருந்தால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: தொடர்ந்து இறைத்து மட்டத்தை ஒரு அடி குறைத்தால், உப்பு காலப்போக்கில் 40 அடி மேலேறி வரப் பார்க்கும்.

ஒரு கணக்கு போடுவோம். நாளைக்கு 400 கேன் என்றால் 8,000 லிட்டர் நல்ல தண்ணீர். போர் தண்ணீரின் டி.டி.எஸ். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் என்றும், இயந்திரம் பாதியை நல்ல நீராகத் தருகிறது என்றும் வைத்துக்கொண்டால், 16,000 லிட்டர் இறைக்க வேண்டும். டி.டி.எஸ். 4,000க்கு ஏறினால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மெம்பரேனில் உப்புப் படியாமலிருக்க, கழிவாக விடும் பங்கையும் கூட்ட வேண்டும். நூற்றுக்கு நாற்பதுதான் தேறுகிறது என்றால், அதே 400 கேனுக்கு 20,000 லிட்டர் இறைக்கிறீர்கள். உப்பு ஏறியதால் அதிகம் இறைக்கிறோம்; அதிகம் இறைப்பதால் மேலும் உப்பு ஏறுகிறது. கரண்ட் பில்லும் மெம்பரேன் மாற்றும் செலவும் அதோடு சேர்ந்து ஏறும். கழிவுநீரை அருகிலேயே குழி தோண்டி விட்டால் அது மறுபடி நம் போருக்கே வரும். பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். அதை நான் தொழில் நஷ்டமாக மட்டும் பார்க்கவில்லை, அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்காகவும் பார்க்கிறேன்.

டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்த கையோடு எடுத்த ஒரே ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டை நம்பி பிளான்ட் போடுவது இதனால்தான் ஆபத்து. மே மாதத்தில் எட்டு மணி நேரம் விடாமல் மோட்டாரை ஓட்டி, மணிக்கொரு முறை டி.டி.எஸ். மீட்டரில் பார்த்து எழுத வேண்டும். எண் ஓரிடத்தில் நின்றால் யோசிக்கலாம். கடைசி மணி வரை ஏறிக்கொண்டே போனால், அந்த இடத்தில் இயந்திரம் வைக்கக் கூடாது.

நம்பிக்கை: "தரமாகக் கொடுத்தால் வாடிக்கையாளர் நம்மை விட மாட்டார்."

தரம் கட்டாயம் வேண்டும். ஆனால் வீட்டுக்காரருக்கு உங்கள் பிளான்ட் தெரியாது. காலையில் குட்டியானையில் கேன் கொண்டுவந்து, தோளில் ஏற்றி மாடியில் வைத்துவிட்டுப் போகும் லைன்காரரைத்தான் தெரியும். உண்மையில் உங்களிடம் வாங்குபவர் அவர்தான். அவர் இன்னொரு பிளான்ட்டுக்கு மாறினால் அவருடைய வீடுகளும் கூடவே மாறும். கேனின் ஸ்டிக்கர் மாறியதைப் பலர் கவனிக்கக்கூட மாட்டார்கள். கேனுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டால், 400 கேனுக்கு நாளைக்கு 800 ரூபாய், மாதம் 24,000 ரூபாய் போய்விடும். பெரும்பாலான சிறிய பிளான்ட்டுகளின் லாபம் இந்த இரண்டு ரூபாயில்தான் தொங்குகிறது.

படகுகளை நம்பி இறங்குபவர்கள் நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் கடலுக்குப் போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்யும்போதெல்லாம் வேலைநிறுத்தம் வருகிறது. வங்கித் தவணைக்கு இந்த விடுமுறைகள் கிடையாது. தடைக்காலம் கடும் கோடையில் வருவதால் வீடுகளிலும் கல்யாணங்களிலும் தண்ணீர் கூடுதலாகப் போகும் என்பது உண்மைதான்; ஆனால் அதே மே மாதத்தில்தான் போரும் மிக மோசமாக இருக்கும்.

மாற்றுப் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் நல்ல தண்ணீர் வரும் தெருவிலும், சமையலறையில் ஆர்.ஓ. மாட்டிய வீட்டிலும் கேன் குறையும். தெருத்தெருவாகப் போய்க் கேட்டால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

அப்படியானால் நுழையவே கூடாதா?

நுழையலாம், ஆனால் மேசையின் மறுபக்கத்தில் உட்கார வேண்டும். பிளான்ட்டுகள் நெரிசலாக இருக்கின்றன என்றால், அவற்றில் சில பாதித் திறனில்தான் ஓடும். அந்த நெரிசல் பதினோராவது பிளான்ட்டுக்குச் சாபம், அவர்களிடம் தண்ணீர் வாங்குபவருக்குச் சாதகம். உணவுப் பாதுகாப்புத் துறையில் உரிய பதிவு செய்துகொண்டு, ஒரு வண்டியும் 200 கேனும் வாங்கி, உரிமம் சரியாக உள்ள ஒரு பிளான்ட்டில் நிரப்பி, முதலில் லைன் பிடிக்கலாம். டெபாசிட் உங்களிடம் இருக்கும், வீடுகளுக்கு உங்கள் முகம் தெரியும். ஒரு கோடையும் ஒரு தடைக்காலமும் கடந்த பிறகும் கேன் எண்ணிக்கை குறையாமல் நின்று, பிளான்ட்காரர் கேட்கும் விலையைவிடச் சொந்தமாகச் சுத்திகரிப்பது மலிவு என்று மே மாதத்து மீட்டர் கணக்கும் சொன்னால், அப்போது இயந்திரத்துக்கு விலை கேளுங்கள்.