கிராப் செய்த படம்: எந்த சைஸ் வரை தாங்கும்?

ஆனித் திருமஞ்சனமோ மார்கழி ஆருத்ராவோ, தேரோட்டம் முடிந்ததும் சிதம்பரம் ஸ்டுடியோக்களுக்கு ஒரே மாதிரி வேலை வரும். மூலவரே வெளியே வந்து தேரேறும் ஊர் இது. படம் எடுக்க நினைப்பவர்கள் அதற்காகவே நான்கு வீதிகளிலும் காத்திருப்பார்கள். கீழவீதி மாடி ஒன்றிலிருந்து தேர், வடம், கூட்டம் எல்லாம் அடங்க எடுத்த படத்தைக் கொண்டுவந்து, "தம்பி, கூட்டமெல்லாம் வேண்டாம். சாமி மட்டும் பெரிசா இருக்கணும், பன்னிரண்டுக்குப் பதினெட்டு ஃபிரேம் போட்டுக் குடுங்க" என்பார்கள். கவுண்டரில் புதிதாகச் சேர்ந்தவர் உடனே "சரிங்க" என்று பில் போட்டுவிடக் கூடாது. ஐந்து நிமிடம் கேளுங்கள். அதற்குள் படம் தாங்குமா தாங்காதா என்று தெரிந்துவிடும்.

முதலில் கணக்கு. கேமரா 24 மெகாபிக்சல் என்றால் படம் 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். அதில் தேர்த்தட்டில் இருக்கும் நடராசரை மட்டும் வெட்டினால் 1500க்கு 2250 பிக்சல் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் கால் பங்கு நின்றது; மொத்தப் பிக்சலிலோ ஏழில் ஒரு பங்குதான் மிச்சம். அதை 12க்கு 18 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 125 பிக்சல் வரும்.

"300 இல்லாமல் பிரிண்ட் போடவே கூடாது" என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த 300, படத்தைக் கையில் பிடித்து ஓர் அடி தூரத்தில் பார்ப்பவருக்கானது. நல்ல பார்வை உள்ள கண் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் என்பது தூரத்தைப் பொறுத்தது. 3,438 என்ற எண்ணைப் பார்க்கும் தூரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் தேவையான பிக்சல் கிடைக்கும். 12 அங்குலத்தில் 286. மூன்றடியில் வெறும் 95. ஆகவே கவுண்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஹால்ல மாட்டுவீங்களா, பூஜை ரூம்லயா?" ஹாலில் மூன்றடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 125 போதும். சின்ன பூஜை அறையில் இரண்டடியில் நின்று கும்பிடுவார்கள். அங்கே 143 வேண்டும், 125 பற்றாது. அதே கிராப்பை 8க்கு 12ல் போட்டால் 187 வருகிறது, பிரச்சினை இல்லை.

கணக்கில் பாஸான படமும் பிரிண்டில் சொதப்பும். காரணம், எத்தனை பிக்சல் இருக்கிறது என்று எண்ணுகிறோமே தவிர, ஒவ்வொரு பிக்சலிலும் விஷயம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 125 பிக்சல் வீதம் முழுப் படத்தையும் போட்டிருந்தால் அது 48 அங்குலத்துக்கு 32 அங்குலம், அதாவது நான்கடி அகலப் படமாக இருந்திருக்கும். நீங்கள் கொடுப்பது அந்த நான்கடிப் படத்திலிருந்து கத்தரித்த ஒரு துண்டு. முழுப் படத்தைச் சிறிதாகப் போட்டபோது கண்ணில் படாத கை நடுக்கம், லேசாகத் தப்பிய ஃபோகஸ், புள்ளி புள்ளியான நாய்ஸ் எல்லாம் இங்கே நான்கடி அளவுக்கு ஊதித் தெரியும். தேர் வேறு குலுங்கிக் குலுங்கி நகர்வது. 1/60 விநாடியில் எடுத்த படம் என்றால் முதலில் சந்தேகப்படுங்கள்.

சோதிக்க எளிய வழி, ஆபரணத்தில் மின்னும் கல் ஒன்றைத் தேடுவது. ஃபோட்டோஷாப்பில் 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பளிச்சென்ற அந்தப் புள்ளி புள்ளியாகவே இருந்தால் நல்லது. ஒரு பக்கமாகக் கோடு போல இழுத்திருந்தால் அசைவு. எல்லாப் பக்கமும் பூத்திருந்தால் ஃபோகஸ் தப்பியது. கோட்டின் நீளத்தைப் பிக்சலில் எண்ணுங்கள். நான்கு பிக்சல் என்றால், 125 வீதத்தில் காகிதத்தில் 0.8 மில்லிமீட்டர். மூன்றடியில் கண் 0.27 மில்லிமீட்டர் வரை பிரித்தறியும் என்பதால் சாமி மங்கலாகத்தான் தெரிவார். இரண்டு பிக்சல் என்றால் லேசான மென்மை. மேட் தாளில் பெரும்பாலும் தப்பித்துவிடும், பளபளப்புத் தாளில் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, படத்தைத் திரையில் அச்சிடும் அளவிலேயே பாருங்கள். கடைகளில் சாதாரணமாக இருக்கும் 24 அங்குல, 1920 பிக்சல் மானிட்டர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் காட்டும். 92ஐ 125ஆல் வகுத்தால் 74 சதவீதம். அந்த ஜூமில் வைத்தால் படம் பிரிண்ட் சைஸிலேயே தெரியும். நாற்காலியைத் தள்ளி மூன்றடி பின்னால் போய்ப் பாருங்கள். 100 சதவீதத்தில் மூக்கு ஒட்டப் பார்த்து நல்ல படத்தை ஒதுக்குவதும் தப்பு. 25 சதவீதத்தில் பார்த்து "சூப்பரா இருக்கு" என்பது அதைவிடப் பெரிய தப்பு.

திரை ஓரளவுக்குத்தான். கடைசித் தீர்ப்பு தாளுக்கு. லேப் கடலூரில் இருந்தால் முழு சைஸ் போட்டு வாங்கிப் பார்த்துத் திரும்ப அனுப்புவது வீண் செலவு. 12க்கு 18 அளவுக்குத் தயாரான ஃபைலிலிருந்து முகமும் மாலையும் விழும் இடத்தில் 4க்கு 6 அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி, அதை ஒரு மேக்ஸி பிரிண்டாகப் போடுங்கள். அந்தத் துண்டில் தெரிவதுதான் பெரிய படத்திலும் தெரியும். சுவரில் ஒட்டி, வாடிக்கையாளரையே எட்டி நின்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு தகராறே வராது.

Image Size பெட்டியில் 72ஐ 300 என்று மாற்றிவிட்டு "ரெசல்யூஷன் ஏத்திட்டேன்" என்பவர்கள் எல்லாக் கடையிலும் ஒருவராவது இருப்பார்கள். Resample டிக் எடுத்திருந்தால் அங்கே மாறுவது அச்சாகும் அளவு மட்டும்தான், ஒரு பிக்சல்கூடக் கூடாது. டிக் போட்டிருந்தால் பிக்சல் கூடும், நடராசரின் மாலையில் ஒரு பூ இதழ்கூடக் கூடாது. என்றாலும் அது வீண் வேலையில்லை. கோணல் கோடுகளில் படிக்கட்டு தெரியாமல் வழவழப்பாக்கும். பெரிதாக்கிய பிறகு, கடைசியாக மட்டும் ஷார்ப் செய்யுங்கள். நாய்ஸை ரொம்பத் துடைத்தால் முகம் மெழுகுப் பொம்மையாகும். கொஞ்சம் பொடி தெரிந்தாலும் தாளில் அது அவ்வளவாக உறுத்தாது.

போன் படம் வேறு கதை. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கையைத் தூக்கி, விரலால் ஜூம் செய்து எடுத்த படத்தில் பெரும்பாலும் போனே ஏற்கெனவே கிராப் செய்து ஊதியிருக்கும். ஃபைல் 4000 பிக்சல் என்று காட்டும், உள்ளே சரக்கு அதில் பாதிகூட இருக்காது. அது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்பட்டு வந்திருந்தால் நீளப் பக்கமே 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதிலிருந்து கால் பங்கு வெட்டினால் 400 பிக்சல். பாஸ்போர்ட் சைஸைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். "ஒரிஜினலை டாக்குமெண்டா அனுப்புங்கண்ணே" என்று கேட்டு வாங்கிய பிறகே கணக்குப் போடுங்கள்.

தாங்காது என்று தெரிந்தால் மறுப்பதைவிட மாற்று சொல்வது நல்லது. 12க்கு 18 ஃபிரேமையே வைத்துக்கொண்டு, உள்ளே 8க்கு 12 படமும் சுற்றி இரண்டு, மூன்று அங்குல மவுண்ட் அட்டையும் வைக்கலாம். சுவரில் இடம் அதேதான், படம் கூர்மையாக நிற்கும். அல்லது வெட்டைத் தளர்த்தி, தேரின் முகப்பும் அலங்காரத் துணியும் கொஞ்சம் சேரும்படி விடலாம். சாமி சிறிதாவார், ஆனால் 125க்குப் பதில் 160, 170 வரும். பத்தில் எட்டுப் பேர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள் என்பது என் அனுமானம்.

பத்து அடி ஃபிளெக்ஸ் வேண்டும் என்றால் மட்டும் இத்தனை கவலை வேண்டாம். இருபதடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அங்குலத்துக்கு 15 பிக்சலே போதும். 1500 பிக்சல் கிராப் எட்டடி அகலம் வரை தாராளமாகப் போகும். பேனர் அடியில் நின்று செல்ஃபி எடுப்பவர் குறை சொன்னால் சொல்லட்டும்.