வேலை மாற நினைப்பவருக்குப் படிப்பைப் பரிசளிக்கப் போகிறீர்களா?

தர்மபுரியிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வரும், பிளஸ் டூ முடித்த தம்பி ஒருவர் அக்கவுண்ட்ஸ் பக்கம் மாற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஆன்லைன் படிப்பைப் பரிசளிக்கும் முன் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஷிப்ட், கம்பெனி பஸ், தூக்கம் போக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். நைட் ஷிப்ட் வாரத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். அந்த வாரத்தில் கிடைக்கும் நேரம்தான் உண்மையான அளவு.

2. அவருடைய நிலையை இலவசமாகச் சோதியுங்கள். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் (spoken-tutorial.org) லிப்ரே ஆபீஸ் கால்க் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிடம். பார்த்தபடியே செய்து பழக அரை மணி நேரம் ஆகும். கடைசியில் தரும் பயிற்சியை யார் உதவியும் இல்லாமல் செய்தால் அடுத்ததற்குப் போகலாம். கூட்டல் சூத்திரத்திலேயே தடுமாறினால் இன்னும் சில வாரம் இங்கேயே பழகட்டும்.

3. பிறகு என்பிடெல் தளத்தின் ஆன்லைன் படிப்புகள். பொங்கல் சமயத்திலும் ஆடி மாதத்தை ஒட்டியும் புதிய பருவம் தொடங்கும். 4, 8, 12 வாரப் படிப்புகள் உண்டு. வாரத்துக்கு வீடியோ, பயிற்சி எல்லாம் சேர்த்து நான்கைந்து மணி நேரம் ஒதுக்க வேண்டும். முதல் முறை 4 வாரப் படிப்பே போதும். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், முதல் வார வீடியோவை அவர் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

4. தேர்வுக் கட்டணமே நல்ல பரிசு. என்பிடெல்லில் சேர்ந்து படிக்கக் காசு வேண்டாம். சான்றிதழுக்கான தேர்வுக்குத்தான் கட்டணம். பயிற்சிக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். பயிற்சியில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். விண்ணப்பிக்கும்போதே பக்கத்து ஊரில் தேர்வு மையம் இருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

5. போனில் வீடியோ பார்க்கலாம். ஆனால் அதில் விரிதாளைச் சரியாகப் பழக முடியாது. செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினால் எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம் இருக்கட்டும். கீபோர்டின் எல்லா எழுத்தையும் தட்டிப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

6. அடுத்தடுத்து இரண்டு வாரம் என்பிடெல் பயிற்சியை அனுப்பவில்லை என்றால் நேரம் போதவில்லை என்று அர்த்தம். அவரைக் கடிந்துகொள்ளாமல் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுங்கள். தேர்வுக் கட்டணத்தை, கடைசித் தேதிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அவருடைய முன்னேற்றத்தைப் பார்த்துக் கட்டினால் பணம் வீணாகாது.