ஒரு டம்ளர் டீ, நான்கு இணைப்புகள்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டை நீட்டினாள். இரண்டு வாக்கியங்களை ஒன்றாக இணைக்க வேண்டும். கொடுத்திருந்தவை: ‘தி டீ வாஸ் வெரி ஹாட். ஐ குட் நாட் ட்ரிங்க் இட்.’ டீ ரொம்பச் சூடாக இருந்தது, என்னால் குடிக்க முடியவில்லை. அவள் எழுதியிருந்த விடை: ‘தி டீ வாஸ் டூ ஹாட் தட் ஐ குட் நாட் ட்ரிங்க் இட்.’

வருடா வருடம் நான் பார்க்கும் பிழை இது. பாதி வாக்கியம் ஓர் அச்சில் வார்த்தது, மீதிப் பாதி இன்னோர் அச்சில் வார்த்தது. அவளுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. அவள் மனதில் ஓடிய தமிழ் வாக்கியம் ‘குடிக்க முடியாத அளவுக்குச் சூடு’ என்பது. தமிழில் இந்த ‘அளவுக்கு’ என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. ‘குடிக்க முடியாத அளவுக்குச் சூடு’, ‘குடிக்கிற அளவுக்கு ஆறியிருக்கிறது’, ‘நாக்கு பொத்துப்போகிற அளவுக்குச் சூடு’ என எல்லாவற்றையும் அதுவே தாங்கும். ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனி அச்சு வைத்திருக்கிறது. நோக்கத்தைச் சொல்ல நான்காவது அச்சு ஒன்றும் உண்டு. எழுத்தில் அவை இப்படி இருக்கும்:

```
too + adjective + to + verb
adjective + enough + to + verb
so + adjective + that + subject + verb
so that + subject + can / could + verb
```

இந்த நான்கில் எதை எப்போது எடுப்பது என்பதை அதே டீயை வைத்துப் பார்த்துவிடலாம்.

டூ – டு: நடக்காமல் போனது

‘தி டீ வாஸ் டூ ஹாட் ஃபார் மீ டு ட்ரிங்க்.’ இந்த வாக்கியத்தில் ‘நாட்’ எங்கேயும் இல்லை. ஆனாலும் நான் டீயைக் குடிக்கவில்லை என்பது உறுதி. எதிர்மறை ‘டூ’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் ‘முடியாத’ என்று வெளிப்படையாகச் சொல்லியே பழகியதால், இங்கேயும் ஒரு ‘நாட்’ சேர்க்கக் கை போகும். ‘டூ ஹாட் நாட் டு ட்ரிங்க்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். ‘ஹீ இஸ் டூ கைண்ட் நாட் டு ஹெல்ப்’ என்றால் அவர் மனசுக்கு உதவாமல் இருக்க முடியாது, கட்டாயம் உதவுவார் என்று பொருள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, கடைசியில் இருந்த ‘இட்’ காணாமல் போனது. வாக்கியத்தின் எழுவாயே டீதான். குடிக்கப்படுவதும் அதுதான். ஒரே பொருளை இரண்டு முறை சொல்லத் தேவையில்லை என்பதால், எழுத்து ஆங்கிலத்தில் ‘டு ட்ரிங்க்’ என்பதோடு நிறுத்திவிட வேண்டும். குடிக்க வேண்டிய ஆள் வேறு என்பதால் ‘ஃபார் மீ’ வந்தது. ‘ஐ வாஸ் டூ டயர்ட் டு வாக்’ என்பதில் களைத்தவரும் நடக்க வேண்டியவரும் ஒருவரே. அங்கே ‘ஃபார்’ தேவையில்லை.

‘வெரி’யும் ‘டூ’வும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பேச்சில் ‘படம் டூ குட்’ என்று பாராட்டுவோம். எழுத்தில் ‘வெரி டயர்ட்’ என்றால் களைப்பு மட்டுமே. அதற்குப் பிறகும் நடந்திருக்கலாம். ‘டூ டயர்ட் டு வாக்’ என்றால் நடக்கவில்லை. விலக்காக ‘ஒன்லி டூ க்ளாட் டு ஹெல்ப்’ என்ற வழக்கு உண்டு. ‘உதவுவதில் மிகவும் மகிழ்ச்சி’ என்பது அதன் பொருள். அதைத் தனி மரபுத்தொடராக நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனஃப் டு: நடக்க வழி இருந்தது

ஐந்து நிமிடம் கழித்து டீ ஆறிவிட்டது. ‘தி டீ வாஸ் கூல் இனஃப் ஃபார் மீ டு ட்ரிங்க்.’ இதில் எதிர்மறை இல்லை. ‘குடிக்கிற அளவுக்கு ஆறியிருந்தது’ என்பதுதான் பொருள்.

பிழை வரும் இடம் சொல் வரிசை. தமிழில் ‘போதுமான உயரம்’, ‘போதுமான பணம்’ என்று ‘போதுமான’ எப்போதும் முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு மட்டுமே அது முன்னால் வரும்: ‘இனஃப் மனி’. பெயரடைக்கும் வினையடைக்கும் பின்னால்தான் வரும்: ‘டால் இனஃப்’, ‘கூல் இனஃப்’. ‘இனஃப் டால்’ என்று எழுதினால் தவறு.

இந்த அமைப்பை ‘நாட்’ போட்டு எதிர்மறையாக்கினால் முந்தைய அச்சுக்கே திரும்பி வந்துவிடுவோம். ‘நாட் டால் இனஃப் டு ரீச் தி ஷெல்ஃப்’ என்பதும் ‘டூ ஷார்ட் டு ரீச் தி ஷெல்ஃப்’ என்பதும் ஒரே செய்தி. இரண்டில் எதை எடுப்பது என்பது கொடுத்திருக்கும் பெயரடையைப் பொறுத்தது. கேள்வியில் ‘டால்’ இருந்தால் முதலாவது, ‘ஷார்ட்’ இருந்தால் இரண்டாவது.

ஸோ – தட்: விளைவை முழுதாகச் சொல்ல

‘தி டீ வாஸ் ஸோ ஹாட் தட் ஐ குட் நாட் ட்ரிங்க் இட்.’ இங்கே ‘தட்’டுக்குப் பிறகு வருவது எழுவாயும் வினையும் கொண்ட முழு வாக்கியம். அதனால் ‘நாட்’ வெளிப்படையாக வரவேண்டும், ‘இட்’டும் திரும்பி வந்து உட்கார வேண்டும். முதல் பாதி இறந்தகாலமானால் ‘குட் நாட்’, நிகழ்காலமானால் ‘கேனாட்’. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் சிம்பிள், காம்ப்ளெக்ஸ், காம்பவுண்ட் என்று வாக்கியத்தை மாற்றி எழுதும் பயிற்சியில் ‘டூ – டு’ சிம்பிள், ‘ஸோ – தட்’ காம்ப்ளெக்ஸ், ‘வெரி ஹாட் அண்ட் ஸோ’ என்று இணைத்தால் காம்பவுண்ட். இந்த மூன்றுக்கும் இடையில் மாற்றும்போது, ‘நாட்’டும் ‘இட்’டும் வந்ததா போனதா என்று பார்த்தாலே பாதிப் பிழை பிடிபட்டுவிடும்.

ஆனால் எல்லா ‘ஸோ – தட்’டும் ‘டூ – டு’ ஆகாது. ‘தி டீ வாஸ் ஸோ ஹாட் தட் இட் பர்ன்ட் மை டங்.’ டீ நாக்கைச் சுட்டுவிட்டது. இது நடந்துமுடிந்த விளைவு. ‘டூ – டு’ நடக்காமல் போனதை மட்டுமே சொல்லும் என்பதால், இதை அதில் அடைக்க முடியாது.

‘இனஃப் டு’வுக்கும் இதற்கும் நுட்பமான ஒரு வேறுபாடு இருக்கிறது. ‘ஹீ வாஸ் ஸ்ட்ராங் இனஃப் டு லிஃப்ட் தி சாக்’ என்றால் மூட்டையைத் தூக்கும் வலு அவருக்கு இருந்தது. தூக்கினாரா என்பது தெரியாது. ‘ஹீ வாஸ் ஸோ ஸ்ட்ராங் தட் ஹீ லிஃப்டட் தி சாக்’ என்றால் தூக்கியேவிட்டார். அதனால்தான் ‘இனஃப் டு’ வாக்கியத்தை ‘ஸோ – தட்’டாக மாற்றும்போது ‘ஹீ குட் லிஃப்ட்’ என்று ‘குட்’ சேர்க்கிறோம். அந்தச் சொல்லை விட்டால் நடந்ததா என்று தெரியாத ஒன்றை நடந்ததாகச் சொன்னதாகிவிடும்.

ஸோ தட்: நினைத்தது

இப்போது இரண்டு சொற்களும் பிரியாமல் சேர்ந்து வருகின்றன. ‘அம்மா கூல்ட் தி டீ ஸோ தட் தி சைல்ட் குட் ட்ரிங்க் இட்.’ குழந்தை குடிக்கட்டும் என்று அம்மா டீயை ஆற்றினார். குடித்ததா என்பது இந்த வாக்கியத்தின் கவலை இல்லை. அம்மாவின் எண்ணம்தான் செய்தி.

தமிழில் ‘படி’ என்ற விகுதி இங்கே சறுக்க வைக்கும். ‘யாருக்கும் கேட்காதபடி பேசினாள்’ என்பதற்கு இரண்டு பொருள் சொல்லலாம். குரல் தழைந்ததால் கேட்கவில்லை என்றால் விளைவு: ‘ஷீ ஸ்போக் ஸோ சாஃப்ட்லி தட் நோபடி ஹேர்ட் ஹர்.’ கேட்கக்கூடாது என்றே தாழ்த்திப் பேசினாள் என்றால் நோக்கம்: ‘ஷீ ஸ்போக் சாஃப்ட்லி ஸோ தட் நோபடி வுட் ஹியர் ஹர்.’ ‘ஸோ’வுக்கும் ‘தட்’டுக்கும் நடுவில் ‘சாஃப்ட்லி’ வந்தால் விளைவு. இரண்டும் ஒட்டி நின்று, பின்னால் ‘கேன்’, ‘குட்’, ‘மே’, ‘மைட்’, ‘வில்’, ‘வுட்’ போன்ற துணைவினை வந்தால் பெரும்பாலும் நோக்கம். காற்புள்ளிக்குப் பிறகு ‘ஸோ தட்’ வந்து, துணைவினை இல்லாமல் நேரடி வினை இருந்தால், அது விளைவாகவும் இருக்கலாம். அதற்கு வாக்கியத்தின் பொருளே சாட்சி.

நோக்கத்தைச் சொல்ல எப்போதும் ‘ஸோ தட்’ தேவையா? செய்பவரும் பலன் பெறுபவரும் ஒருவரே என்றால் வெறும் ‘டு’ சுருக்கமாக முடித்துவிடும்: ‘ஐ கூல்ட் தி டீ டு ட்ரிங்க் இட்.’ ஆட்கள் வேறானால் ‘ஸோ தட்’ எடுப்பதே தெளிவு. ஒன்று நடக்காமலிருக்க வேண்டும் என்ற நோக்கத்தில் மட்டும் வெறும் ‘நாட் டு’ ஒட்டாது. ‘ஹீ வாக்ட் ஸ்லோலி ஸோ அஸ் நாட் டு ஃபால்’ என்றோ, ‘ஸோ தட் ஹீ வுட் நாட் ஃபால்’ என்றோ எழுத வேண்டும்.

இரண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

முதல் ஜோடி: ‘தி பஸ் வாஸ் வெரி க்ரௌடட். கிராண்ட்மா குட் நாட் கெட் இன்.’ முதல் கேள்வி: இரண்டாவது வாக்கியம் விளைவா, நோக்கமா? ஏற முடியாமல் போனது விளைவு. அடுத்த கேள்வி: நடந்ததா, நடக்கவில்லையா? நடக்கவில்லை. ஆகவே ‘டூ – டு’ பொருந்தும். கடைசிக் கேள்வி: ஆள் மாறுகிறதா? நெரிசல் பஸ்ஸில், ஏற வேண்டியவர் பாட்டி. ‘ஃபார்’ வரவேண்டும். விடை: ‘தி பஸ் வாஸ் டூ க்ரௌடட் ஃபார் கிராண்ட்மா டு கெட் இன்.’ காம்ப்ளெக்ஸாகக் கேட்டால்: ‘தி பஸ் வாஸ் ஸோ க்ரௌடட் தட் கிராண்ட்மா குட் நாட் கெட் இன்.’

இரண்டாவது ஜோடி: ‘ரவி லெஃப்ட் ஏர்லி. ஹீ வாண்டட் டு கேட்ச் தி ஃபர்ஸ்ட் பஸ்.’ ‘வாண்டட்’ என்ற சொல்லே நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இணைக்கும்போது அது போய்விட வேண்டும், ஏனென்றால் அதன் வேலையை இணைப்புச் சொல்லே செய்துவிடும். கிளம்பியவனும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவனும் ஒருவனே என்பதால் ‘ரவி லெஃப்ட் ஏர்லி டு கேட்ச் தி ஃபர்ஸ்ட் பஸ்’ போதும். ‘ஸோ தட்’டில்தான் வேண்டும் என்றால் ‘ஸோ தட் ஹீ குட் கேட்ச் தி ஃபர்ஸ்ட் பஸ்.’ இதையே ‘ரவி லெஃப்ட் ஏர்லி இனஃப் டு கேட்ச் தி ஃபர்ஸ்ட் பஸ்’ என்று எழுதினால் பொருள் மாறும். பஸ்ஸைப் பிடிக்கப் போதுமான நேரத்தோடு கிளம்பினான் என்பது தெரியும், பஸ்ஸைப் பிடிக்கத்தான் கிளம்பினானா என்பது தெரியாது.

எழுதி முடித்ததும் விடையைச் சரிபார்க்க நான் சொல்லிக்கொடுக்கும் வழி, இணைத்ததை மறுபடி பிரிப்பது. அந்த மாணவியிடமும் அதைத்தான் செய்யச் சொன்னேன். ‘டூ ஹாட்’ என்று எழுதிவிட்டு அடுத்து என்ன வரவேண்டும் என்று கேட்டேன். ‘டு’ என்றாள். ‘அப்போ ‘தட்’ யாருடையது?’ என்று கேட்டதும், பேனாவை எடுத்து ‘டூ’வை அடித்துவிட்டு அதன் மேல் ‘ஸோ’ என்று எழுதினாள். வாக்கியத்தில் வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.