நாடித்துடிப்பை வினவும் முறை

நம் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் நடத்தப்பெறும் 'செகாக்' உடல் தகுதிச் சோதனையின் ஓர் அங்கம், தாழ்வான பலகைமீது 3 நிமிடம் ஏறி இறங்குவதாகும். பின்னர் மாணாக்கரின் நாடித்துடிப்பு எண்ணப்படும். சுங்கை பினாங் நகர்ப்புறத்துப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் பயிற்சி ஒன்றே. இதனைப் பற்றி எழுத்துச் சோதனையில் எவ்வாறு வினவுவது?

"நாடித்துடிப்பு என்றால் என்ன?" என்று கேட்டால், மணிக்கட்டில் ஒருமுறையேனும் விரல் வைத்துப் பாராத பிள்ளையும் புத்தக வாக்கியத்தை ஒப்பித்துவிடும். அவ்வினா நினைவாற்றலை அளக்கிறதேயன்றி, விளக்கத்தை அளப்பதில்லை. அதற்கு மாறாகப் பின்வரும் பல்தேர்வு வினாவைக் காண்க.

பயிற்சி முடிந்ததும் முருகன் 15 விநாடியில் 30 துடிப்புகளை எண்ணினான். நிமிடத்திற்கு எத்தனை துடிப்புகள்?
அ) 30 ஆ) 60 இ) 120 ஈ) 450

15 விநாடி ஒரு நிமிடத்தின் நான்கில் ஒரு பங்கு. ஆகவே 30ஐ நான்கால் பெருக்க, 120 சரியான விடையாகும். ஏனைய மூன்றும் வெறுமனே இட்டு நிரப்பியவை அல்ல. 30 எனக் குறித்தவன் எண்ணியதை நிமிடக் கணக்காக்க மறந்தான். 60 என்றவன் 15 விநாடியை அரை நிமிடமெனக் கொண்டான். 450 என்றவன் விநாடியையும் துடிப்பையும் பெருக்கினான். இங்ஙனம் பிழையான ஒவ்வொரு விடையும் ஒரு தவறான எண்ணத்தைக் காட்டுவதால், எதை மீண்டும் கற்பிக்கவேண்டும் என்பதை ஆசிரியர் அறிவார்.

குறுவிடை வினாவில் காரணம் கேட்பது முறை. கண்ணன், வேலன் இருவரும் ஒரே பயிற்சியை முடித்தவுடன் துடிப்பு 140 ஆக இருந்தது. ஒரு நிமிடம் ஓய்ந்தபின் கண்ணனுக்கு 104, வேலனுக்கு 128. எவன் விரைவில் தேறினான்? காரணம் கூறுக.

'கண்ணன்' என்னும் பெயரை ஊகித்தே பாதிப்பேர் எழுதிவிடலாம். ஆதலின் பெயருக்கு ஒரு புள்ளியும் காரணத்திற்கு இரண்டு புள்ளிகளும் எனச் சோதனைக்கு முன்னரே விடைக்குறிப்பில் வகுத்துக்கொள்ளவேண்டும். கண்ணனின் துடிப்பு 36 குறைந்தது, வேலனுடையது 12 மட்டுமே குறைந்தது என்னும் கருத்தை எச்சொல்லால் எழுதினும் ஏற்கலாம். "வேலனின் துடிப்பு அதிகம், ஆகவே அவனே வலியவன்" என எழுதும் பிள்ளை, எண் பெரிதானால் வலிமையும் பெரிது என மயங்கியிருக்கிறது.

சோதனை முடிந்தபின் வினாவையும் சோதித்தல் வேண்டும். மொத்தப் புள்ளியில் முன்னணியில் நின்ற பத்துப் பேரையும் பின்தங்கிய பத்துப் பேரையும் ஒப்பிடுக. ஒரு வினாவிற்கு முன்னவருள் எண்மரும் பின்னவருள் மூவரும் சரியாக விடையளித்திருந்தால், அவ்வினா நன்கு பிரித்துக் காட்டுகிறது. கணக்கு தலைகீழாயின், விடைக்குறிப்பு தவறாகவோ சொற்றொடர் இருபொருள் தருவதாகவோ இருக்கலாம். எவரும் தெரிவு செய்யாத விடை பயனற்றது. அடுத்த முறை அதனை மாற்றியமைத்தல் வேண்டும்.